காகிதத்தில் 4.19 லட்சம், கையில் 1.09 லட்சம்: சேலத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் வட்டியும் வரியும்

பின்னணி

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலையின் மூன்று ஆண்டுக் கணக்கு இது. அண்ணன், தம்பி இருவர் நடத்தும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம். கல்வராயன், கொல்லிமலைப் பக்கங்களிலிருந்து வரும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தெளியவிட்டு, ஸ்டார்ச்சைக் களத்தில் காயவைத்துத்தான் அதுவரை தொழில் நடந்தது. கிழங்கு வரத்து மும்முரமாக இருக்கும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். களம் நனைந்தால் அரவையை நிறுத்த வேண்டும். அதனால் மாவுப்பாலைப் பிரிக்கும் இயந்திரமும் ஸ்டார்ச்சை உலர்த்தும் ஃபிளாஷ் டிரையரும் வாங்க முடிவானது. மொத்தச் செலவு 3 கோடி ரூபாய். பழைய கொட்டகையே போதும் என்பதால் கட்டடச் செலவு இல்லை.

நிறுவனத்தின் சேமிப்பில் 1 கோடி இருந்தது. மீதி 2 கோடிக்கு மூன்று வழிகள் இருந்தன. குடும்பத்தின் வைப்புத்தொகையை எடுத்துப் பங்கு முதலாகப் போடலாம். அதே பணத்தை இயக்குநர்கள் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுக்கலாம். அல்லது வங்கியில் 10% வட்டிக்கு டெர்ம் லோன் வாங்கலாம்.

நிறுவனம் ஏற்கெனவே 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்திருந்தது. 22% வரி, அதன்மேல் 10% கூடுதல் வரி, 4% செஸ் எல்லாம் சேர்ந்து 25.168% ஆகிறது. (இங்கே குறிப்பிடும் பிரிவு எண்கள் எல்லாம் இந்த ஆண்டுகளுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி.)

முதலில் எழுந்த கேள்வி

ஆடிட்டர் அலுவலகத்தில் அண்ணன் கேட்டது நேரடியான கேள்வி: "கடன் வாங்கினா வரி குறையும்னு எல்லாரும் சொல்றாங்களே சார். அப்ப கையில இருக்கிற பணத்தை எதுக்குங்க கம்பெனில போடணும்?"

ஆடிட்டர் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக் காட்டினார். ஒரு முழு ஆண்டில் தேய்மானம் போக, வட்டிக்கு முந்தைய லாபம் 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடனே இல்லையென்றால் 80 லட்சத்துக்கும் வரி உண்டு. வரி 20.13 லட்சம், பங்குதாரருக்கு மிச்சம் 59.87 லட்சம். 2 கோடி கடன் இருந்தால் 20 லட்சம் வட்டி போகும். அந்த வட்டி 36(1)(iii) பிரிவின்படி தொழில் செலவு. ஆகவே வரி 60 லட்சத்துக்குத்தான், அதாவது 15.10 லட்சம். பங்குதாரருக்கு 44.90 லட்சம், வங்கிக்கு 20 லட்சம், இரண்டும் சேர்ந்து 64.90 லட்சம். முதல் பத்தியைவிட 5.03 லட்சம் கூடுதல். ஆலை அதேதான், கிழங்கும் அதேதான். வரியாகப் போயிருக்க வேண்டிய தொகை முதல் போட்டவர்களிடம் நின்றுவிடுகிறது. வட்டியை வரி விகிதத்தால் பெருக்கினால் கிடைக்கும் இந்தத் தொகைதான் டாக்ஸ் ஷீல்டு, தமிழில் வரிக்கவசம். கடன்காரருக்குக் கொடுக்கும் வட்டியைச் சட்டம் செலவாக ஏற்கிறது. பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்டை ஏற்பதில்லை. முழு விஷயமும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் இரண்டு இடங்களில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கும் அதுவே நடந்தது. ஒன்று, 5.03 லட்சம் வரி மிச்சமாக 20 லட்சம் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. வரி போக வட்டியின் உண்மைச் சுமை 14.97 லட்சம், அதாவது 7.48%. சுமை குறைகிறதே தவிர, தீர்ந்துவிடுவதில்லை. இரண்டாவது, மாதத் தவணை முழுவதும் வரியில் கழியும் என்று தம்பி நினைத்திருந்தார். தவணையில் உள்ள அசல் செலவாகாது. அசலைத் திருப்ப வேண்டிய பணம் வரி கட்டிய பிறகு மிஞ்சும் லாபத்திலிருந்துதான் வர வேண்டும்.

எடுத்த முடிவும் காரணமும்

இயக்குநர் கடன் முதலில் கவர்ச்சியாகத் தெரிந்தது, ஏனென்றால் வட்டி வீட்டுக்கே வரும். ஆனால் நிறுவனமும் வீடும் தனித்தனியே வரி கட்டுபவை. இருவரும் 30% அடுக்கில் இருந்தார்கள், செஸ்ஸோடு 31.2%. நிறுவனம் 20 லட்சம் வட்டி கொடுத்து 5.03 லட்சம் வரி மிச்சம் பிடித்தால், அதே 20 லட்சத்துக்கு இவர்கள் 6.24 லட்சம் வரி கட்ட வேண்டும். மொத்தத்தில் குடும்பத்துக்கு 1.21 லட்சம் நஷ்டம். கவசத்தை ஒரு கை கொடுத்து மறு கை வாங்கிக்கொள்கிறது.

லாபத்தை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால் நிலைமை வேறு. 100 ரூபாய் லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் நிறுவன வரி போக 74.83, அதில் தனிநபர் வரியும் போக 51.48 ரூபாய்தான் கைக்கு வரும். வட்டியாக எடுத்தால் 68.80 வரும். இவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகள் லாபத்தை ஆலையிலேயே விட்டுவைக்கும் எண்ணம். ஆகவே இயக்குநர் கடனுக்கு அவசியம் இல்லாமல் போனது.

மிஞ்சியது பங்கு முதலா, வங்கிக் கடனா என்பது. குடும்பத்தின் வைப்புத்தொகைக்கு 6% வட்டி வந்துகொண்டிருந்தது, தனிநபர் வரி போக 4.13%. வைப்பை அப்படியே விட்டுவிட்டு 7.48% சுமையில் கடன் வாங்குவது ஆண்டுக்கு 3.35% செலவு, 2 கோடிக்கு 6.7 லட்சம். வரிக்கவசத்தைக் கணக்கில் சேர்த்த பிறகும் இதுதான் நிலை. வரி குறைகிறது என்பதற்காக மட்டும் கடன் வாங்கியிருந்தால் அது தவறான முடிவு என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். இவர்கள் கடனைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. கிழங்கு வாங்க எந்த நேரமும் ரொக்கம் தேவைப்படும் தொழிலில், குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் இயந்திரத்தில் பூட்டிவிட அவர்கள் விரும்பவில்லை. அந்த நிம்மதிக்கு ஆண்டுக்கு 6.7 லட்சம் விலை என்பதைத் தெரிந்தே ஒப்புக்கொண்டார்கள். முடிவு நியாயமானது என்றே கருதுகிறோம்.

திட்ட அறிக்கையில் மட்டும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கடனால் நிறுவனத்தின் மதிப்பு 50 லட்சம் கூடும் என்று அதில் எழுதியிருந்தது. மொடிக்லியானி, மில்லர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1963இல் எழுதிய கணக்கிலிருந்து வந்த எண் அது: கடன் தொகையை வரி விகிதத்தால் பெருக்க வேண்டும், 2 கோடிக்கு 50.3 லட்சம். அந்தக் கணக்கு கடன் என்றைக்கும் அடைபடாமல் அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தக் கடனோ 10 மாத அவகாசத்துக்குப் பின் 60 தவணைகளில் அடைபடுவது. அதன் மொத்த வட்டியே சுமார் 67.5 லட்சம், அதற்கான வரிக்கவசம் 17 லட்சத்துக்குள். மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு ஓட்டை பெரிது. அது முதல் ஆண்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது.

2022-23: இயந்திரம் ஓடாத எட்டு மாதங்கள்

முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்தால் விலையில் 4 லட்சம் குறைப்பதாக இயந்திரம் விற்றவர் சொன்னார். அதை ஏற்று, 2022 ஜூன் 1ஆம் தேதி 2 கோடியும் வங்கியிலிருந்து நேராக அவருக்குப் போனது. டிரையர் செப்டம்பர் 1ஆம் தேதி ஓட வேண்டும் என்பது திட்டம். அஸ்திவாரம் போட்ட இடத்தில் மழைத் தண்ணீர் நின்றது. பிறகு சூடான காற்றைத் தள்ளும் விசிறிக்கான மோட்டார் வரத் தாமதமானது. டிரையரில் உலர்ந்த முதல் ஸ்டார்ச் மூட்டை விற்பனைக்குப் போனது 2023 பிப்ரவரி 1ஆம் தேதி.

அந்த ஆண்டு மார்ச் வரை 10 மாதங்களுக்குக் கட்டிய வட்டி 16.67 லட்சம். திட்ட அறிக்கை அது முழுவதையும் செலவாக எடுத்துக்கொண்டு, 4.19 லட்சம் வரி குறையும் என்று சொல்லியிருந்தது. முன்கூட்டிய வரியும் அந்தக் கணக்கை வைத்தே கட்டப்பட்டது.

2023 செப்டம்பரில் வரித் தணிக்கைக்கு உட்கார்ந்தபோது தணிக்கையாளர் கேட்ட முதல் தாள் உற்பத்திப் பதிவேடு. காரணம், 36(1)(iii) பிரிவின் நிபந்தனை வாசகம். ஒரு சொத்தை வாங்கக் கடன் எடுத்தால், கடன் எடுத்த நாளிலிருந்து அந்தச் சொத்து முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வரும் நாள் வரையிலான வட்டி அந்த ஆண்டின் செலவாகாது; அதைச் சொத்தின் விலையோடு சேர்க்க வேண்டும். முன்பு இந்தக் கட்டுப்பாடு தொழில் விரிவாக்கத்துக்கு வாங்கும் சொத்துக்கு மட்டும் என்றிருந்தது. 2015 நிதிச் சட்டம் அந்தச் சொற்களை நீக்கிய பிறகு, பழைய இயந்திரத்தை மாற்றுவதற்கு வாங்கினாலும் இது பொருந்தும்.

ஆகவே ஜூன் முதல் ஜனவரி வரையிலான 8 மாத வட்டி, 13.33 லட்சம், டிரையரின் விலையில் ஏறியது. செலவாக நின்றது பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதங்களின் 3.33 லட்சம் மட்டும். விலையில் ஏறிய வட்டிக்குத் தேய்மானம் உண்டு, ஆனால் இயந்திரத்துக்கான 15% விகிதத்தில். அதுவும் அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியதால் பாதி, 7.5%. 13.33 லட்சத்துக்கு 1 லட்சம் தேய்மானம் கிடைத்தது. 3.33 லட்சமும் 1 லட்சமும் சேர்ந்து குறைத்த வரி 1.09 லட்சம். காகிதத்தில் 4.19 லட்சமாக இருந்தது இதுதான்.

இதே தாமதம் 3 கோடி இயந்திரத்தின் தேய்மானத்தையும் பாதியாக்கியது. அதனால் 22.5 லட்சம் கழிவு அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போய், 5.66 லட்சம் வரி கூடியது. சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தாலும் இது நடந்திருக்கும் என்பதால் கடன் கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் முன்கூட்டிய வரியில் இரண்டும் சேர்ந்தே குறைந்தன. எட்டே முக்கால் லட்சம் பற்றாக்குறை. அதற்கு மாதம் 1% வட்டியோடு செப்டம்பரில் கட்டினார்கள்.

2023-24: லாபம் இல்லாத ஆண்டு

மறு ஆண்டு கிழங்கு விலை ஏறியது, ஜவ்வரிசி விலை அதோடு சேர்ந்து ஏறவில்லை. தேய்மானம் போக, வட்டிக்கு முந்தைய லாபம் 6 லட்சத்தில் நின்றது. டிசம்பர் வரை தவணை ஒழுங்காகப் போனது, அந்த ஒன்பது மாத வட்டி 14 லட்சம். ஜனவரி முதல் மார்ச் வரை கட்ட முடியவில்லை, அதன் வட்டி 4.25 லட்சம். மார்ச் இறுதியில் வங்கி கடனை மறுசீரமைத்து, அந்த 4.25 லட்சத்தைத் தனிக் கடனாக மாற்றிக் கொடுத்தது. அதன் தவணை டிசம்பர் 2024இல் தொடங்கும் என்று ஏற்பாடு.

கணக்காளர் 18.25 லட்சத்தையும் செலவில் எழுதினார். வங்கிப் புத்தகத்தில் பழைய வட்டி பாக்கி பூஜ்யமாகத் தெரிந்ததால், எல்லாம் கட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கும். வங்கிக்கான வட்டி 43பி பிரிவின் கீழ் வருவது. கணக்கில் எழுதினால் போதாது, பணம் உண்மையில் போயிருக்க வேண்டும். அல்லது கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள்ளாவது போக வேண்டும். வட்டியை இன்னொரு கடனாக மாற்றுவது கட்டியதாகாது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. கண்டுபிடிப்பது எளிது: வங்கி அறிக்கையில் வட்டி வரவு வைத்த அதே நாளில், அதே தொகைக்குப் புதிய கடன் கணக்கு ஒன்று திறந்திருக்கும்.

ஆக அந்த ஆண்டு கழிக்க முடிந்தது 14 லட்சம். 6 லட்சத்தில் 14 லட்சத்தைக் கழித்தால் 8 லட்சம் எதிர்மறை, வரி இல்லை. கவசம் அந்த ஆண்டு மிச்சம் பிடித்தது, 6 லட்சத்துக்குக் கட்ட வேண்டியிருந்த 1.51 லட்சம் மட்டும். 18.25 லட்சத்துக்கு எதிர்பார்த்த தொகை 4.59 லட்சம். லாபம் இல்லாத இடத்தில் வட்டி எதைக் கழிக்கும்? வங்கிக்கு மட்டும் அதே தேதியில் பணம் போய்த்தான் ஆக வேண்டும்.

அந்த 8 லட்சத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். தொழில் நஷ்டத்தை 8 ஆண்டுகள்தான் முன்னெடுத்துச் செல்லலாம், அதுவும் கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால். ஆனால் வட்டியை முதலில் கழித்து, தேய்மானத்தைக் கடைசியில் கழிப்பதுதான் வரிசை. அந்த ஆண்டு தேய்மானம் மட்டுமே 40 லட்சத்துக்கு மேல். ஆகவே எஞ்சிய 8 லட்சம் தொழில் நஷ்டம் அல்ல, ஈடுசெய்யப்படாத தேய்மானம். அதற்கு ஆண்டு வரம்பு இல்லை. இயந்திரம் புதிதாக உள்ள ஆலைகளில் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

2024-25: பின்னர் நடந்தது

குடும்பம் வைப்புத்தொகையிலிருந்து 50 லட்சம் எடுத்துப் பங்கு முதலாகப் போட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் வங்கிக் கடனை 170 லட்சத்திலிருந்து 120 லட்சமாகக் குறைத்தது. ஆண்டுக்கு 5 லட்சம் வட்டியும் அதோடு 1.26 லட்சம் வரிக்கவசமும் போயின. தெரிந்தேதான் விட்டார்கள். 6 லட்சம் லாபத்தில் 18 லட்சம் வட்டி கட்ட வேண்டியிருந்த ஆண்டைப் பார்த்த பிறகு, மோசமான ஆண்டிலும் தாங்கக்கூடிய அளவுக்குக் கடனை இறக்குவது 1.26 லட்சத்தைவிட முக்கியம் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த ஆண்டு வட்டிக்கு முந்தைய லாபம் 58 லட்சம் வந்தது. மூலக் கடனின் வட்டி 10.63 லட்சம் முழுவதும் கட்டப்பட்டது. தனிக் கடனாக மாறிய 4.25 லட்சமும் டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு தவணைகளில் அடைந்தது. முந்தைய ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு அதற்குள் கடந்துவிட்டதால், பணம் போன இந்த ஆண்டில்தான் அது செலவானது. அதோடு பழைய 8 லட்சமும் கழிந்தது. வரிக்கு மிஞ்சியது 35.12 லட்சம், வரி 8.84 லட்சம். இந்தக் கழிவுகள் இல்லையென்றால் 14.60 லட்சம் ஆகியிருக்கும்.

முந்தைய ஆண்டு பயன்படாமல் போன 12.25 லட்சமும் இப்படி ஓர் ஆண்டு தள்ளித் திரும்பி வந்தது. லாபம் திரும்பியதால்தான் வந்தது. இன்னொரு மோசமான ஆண்டு வந்திருந்தால் அது இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

முதல் மாற்றம் பணம் போகும் வரிசையில். ஆர்டரோடு 60 லட்சம், அக்டோபரில் சரக்கு கிளம்பும்போது 1.2 கோடி, ஓடிய பிறகு 20 லட்சம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால், பிப்ரவரி வரையிலான வட்டி 13.33 லட்சத்துக்குப் பதில் 8 லட்சம்தான் ஆகியிருக்கும். மிச்சம் 5.33 லட்சம், விலையில் கிடைத்த 4 லட்சம் தள்ளுபடியைவிட அதிகம். வங்கியிடம் கட்டங்களாகப் பணம் விடுவிக்கக் கேட்பதில் சிரமம் ஒன்றுமில்லை. அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

இரண்டாவது, திட்ட அறிக்கையின் வட்டிக் கணக்கை மூன்றாக உடைப்பது. கணக்கில் சேரும் வட்டி, அதில் இயந்திரம் ஓடத் தொடங்குமுன் விழும் பகுதி, உண்மையில் கட்டப்படும் பகுதி என்று மாதவாரியாக எழுத வேண்டும். வரி விகிதத்தால் பெருக்க வேண்டியது, ஓடத் தொடங்கிய பிறகு விழுந்து, கட்டவும் பட்ட வட்டியை மட்டும். இந்த ஆலையில் இப்போது ஒவ்வொரு முன்கூட்டிய வரித் தேதிக்கும் முன்னால் அந்தத் தாளைத் திருத்துகிறார்கள். புது இயந்திரம் ஓடத் தொடங்கிய நாளுக்குச் சான்றாக உற்பத்திப் பதிவேட்டின் பக்கம், அன்றைய மின் மீட்டர் அளவு, முதல் விற்பனை பில் மூன்றையும் ஒரே கோப்பில் வைக்கிறார்கள்.

மூன்றாவது, கடன் அளவை 80 லட்சம் லாபத்தை வைத்து முடிவு செய்யாமல், கிழங்கு விலை ஏறிய ஆண்டின் லாபத்தை வைத்து முடிவு செய்வது. பத்து ஆண்டுக் கணக்கு அலுவலக அலமாரியில் இருந்தது; 2022இல் யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

டிரையரின் விலையில் ஏறிய 13.33 லட்சம் வட்டியில் 2025 மார்ச் வரை மூன்று ஆண்டுத் தேய்மானமாகக் கழிந்தது 4.42 லட்சம். மீதி 8.91 லட்சம் இன்னும் சொத்துக் கணக்கில் இருக்கிறது; ஆண்டுதோறும் எஞ்சியதில் 15% வீதம் கழியும். அந்த வட்டியை வங்கி 2023 ஜனவரியோடு வாங்கி முடித்துவிட்டது.